ஆறு வண்டிகளும் ஒன்றாகப் போய்ச் சேர: முன்வண்டி, கடைசி வண்டி, லைவ் லொகேஷன்

கேள்வி: தம்பியின் கல்யாணத்துக்காகச் சனிக்கிழமை விடியற்காலை தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறோம். ஐந்து கார், ஒரு வேன். ஒரு காரை முன்னால் விட்டு, எல்லோரும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுக்கொண்டால் பிரியாமல் போய்விடலாம் என்கிறார் சித்தப்பா. அது போதுமா? மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு.

பதில்:

உங்கள் சித்தப்பா சொன்ன இரண்டு ஏற்பாடுகளும் வேண்டியவைதாம். ஆனால் ஆறு வண்டிகளையும் ஒன்றன் கண்ணில் ஒன்று படும்படி நாள் முழுவதும் ஓட்டிச் செல்வதற்காக அவற்றைச் செய்கிறீர்கள் என்றால், அந்த எண்ணத்தைக் கிளம்பும் முன்பே கைவிட்டுவிடுவது நல்லது. நான்குவழிச் சாலையில் ஆறு வண்டிகள் பிரியத்தான் செய்யும். பிரிந்தவை எந்த இடத்தில் மறுபடியும் சேரும் என்பது எல்லோருக்கும் முன்னதாகவே தெரிந்திருந்தால், பிரிவதால் ஒரு நட்டமும் இல்லை. எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியவை சேரும் இடங்கள். முன்வண்டியும் லைவ் லொகேஷனும் அவற்றுக்குத் துணை செய்பவை.

ஏன் கண்ணில் படும்படி ஓட முடியாது என்பதைச் சிறிய கணக்கில் பார்த்துவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் வண்டி திடீரென்று பிரேக் போட்டால் நாம் முட்டாமல் நிற்பதற்குக் குறைந்தது மூன்று வினாடி இடைவெளி வேண்டும்; அது ஏறத்தாழ 67 மீட்டர். ஆறு வண்டிகளுக்கு இடையே ஐந்து இடைவெளிகள் இருப்பதால், முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவில் மூன்றரை நூறு மீட்டர் நீளம் வந்துவிடும். அந்த நீளத்திற்குள் ஒரு பேருந்தும் இரண்டு லாரிகளும் நுழையாமல் இருக்கப்போவதில்லை. அப்படி நுழைந்துவிடக் கூடாது என்று ஓட்டுநர்கள் நினைக்கத் தொடங்கும்போதுதான் இடைவெளியைக் குறைத்து ஒட்டி ஓட்டுகிறார்கள், லாரியை இடப்புறமாக முந்துகிறார்கள், சிக்னல் மஞ்சளாக மாறிய பிறகும் முன்வண்டியின் பின்னாலேயே பாய்கிறார்கள். கூட்டமாகப் போகும் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஆசையால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதை வண்டி ஓட்டப்போகும் ஆறு பேருக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஒரு சுங்கச்சாவடியில் உங்கள் கடைசி வண்டி நான்கு நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்வண்டி ஐந்தேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் முன்னால் போயிருக்கும். பின்னால் வருபவர் 90 கிலோமீட்டர் வேகத்தில் துரத்தினால் அந்தத் தூரத்தை ஈடுகட்ட அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் துரத்தினாலும் பதினாறு நிமிடம் ஆகும். அதே முன்வண்டி அடுத்த சேரும் இடத்தில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்தால், அந்த நான்கு நிமிடம் தானாகவே கரைந்துவிடும். முன்னால் இருப்பவர் நான்கு நிமிடம் நிற்பதால் மிச்சமாவது, பின்னால் இருப்பவர் அரை மணி நேரம் வேகமாக ஓட்டும் ஆபத்து. ஆகவே உங்கள் பயணத்தின் முதல் விதி, பின்தங்கியவர் துரத்தக் கூடாது என்பதாக இருக்கட்டும். காத்திருப்பது முன்வண்டியின் வேலை.

இனி சேரும் இடங்கள். தாம்பரத்திலிருந்து மதுரை சுமார் 430 கிலோமீட்டர். நிற்கும் நேரத்தைத் தவிர்த்து, வேனையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் ஏழேகால் மணி நேரம், நிற்பது இரண்டேகால் மணி நேரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை. ஆறு மணி மாப்பிள்ளை அழைப்புக்கு மூன்று மணி நேரம் கையில் இருக்கும். ஒரு டயர் பஞ்சராவதையும் ஒரு குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுப்பதையும் அந்த மூன்று மணி நேரம் தாங்கும். சனிக்கிழமை இராகு காலம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதால் வீட்டுப் பெரியவர்களும் ஐந்தரை மணிக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டு வாசலில் ஆறு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரே நேரத்தில் கிளப்ப வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். சடங்கை மாப்பிள்ளை வண்டிக்கு மட்டும் செய்துவிட்டு, மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து நேராகப் புறப்படட்டும். வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டு வரை உள்ள சாலையில் சிக்னல்களும் உள்ளூர்ப் போக்குவரத்தும் அதிகம். அங்கே ஆறு வண்டிகளைச் சேர்த்து ஓட்ட முயல்வது வீண் வேலை. முதல் சேரும் இடத்தைப் பரனூர் சுங்கச்சாவடி தாண்டிய பிறகு வையுங்கள். உண்மையான கூட்டுப் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

அதன்பின் உங்கள் வழியில் ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் ஆகிய சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். திருச்சியைத் தாண்டினால் பூதக்குடி, அதற்குப் பிறகு மதுரைக்குச் சற்று முன்னால் சிட்டம்பட்டி. இவற்றில் எல்லா இடத்திலும் நிற்கத் தேவையில்லை. பரனூருக்கு அடுத்தபடியாக விக்கிரவாண்டியைத் தாண்டிக் காலைச் சிற்றுண்டி, பெரம்பலூர் அருகே கைகால் நீட்ட ஒரு நிறுத்தம், சமயபுரத்தில் ஒரு சேர்க்கை, திருச்சியைக் கடந்ததும் மதியச் சாப்பாடு, கடைசியாகச் சிட்டம்பட்டி. சராசரியாக ஒன்றேகால் மணி நேர ஓட்டத்திற்கு ஒரு இடம் என்ற கணக்கு இது. இதைவிட நெருக்கமாக வைத்தால் நிற்பதிலேயே பொழுது போய்விடும். இதைவிடத் தள்ளி வைத்தால் பிரிந்த வண்டி அரை நாள் தனியாகவே ஓடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அது நீங்கள் போகும் திசையில் இடப்பக்கம் இருக்க வேண்டும். நான்குவழிச் சாலையில் நடுத்தடுப்பு இருப்பதால், எதிர்ப்பக்கத்து ஓட்டலுக்குப் போக வேண்டுமானால் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, சாப்பிட்ட பின் மறுபடியும் அதே சுற்றைச் சுற்ற வேண்டும். இரண்டாவது, ஆறு வண்டிகளும் சாலையை விட்டு முழுவதுமாக உள்ளே நுழைந்து நிற்க இடம் இருக்க வேண்டும். சுங்கச்சாவடியைத் தாண்டியவுடன் ஓரத்தில் வரிசையாக நிறுத்திக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பதைப் பலரும் செய்கிறார்கள். எல்லா வழியிலிருந்தும் வண்டிகள் வேகம் எடுத்துக்கொண்டு வெளியே பாயும் இடம் அது. அங்கே நிற்காமல் சில கிலோமீட்டர் தள்ளிப் பெரிய பெட்ரோல் பங்கையோ ஓட்டலையோ குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த இடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் ஒரே பெயரில் பல கிளைகள் உண்டு. "விழுப்புரத்துக்கிட்ட இருக்கிற ஓட்டல்" என்று ஆறு பேரிடம் சொன்னால் மூன்று ஓட்டல்களில் போய் நிற்பார்கள். மேப்பில் அந்த இடத்தைத் திறந்து, புள்ளி சரியான பக்கத்தில்தான் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த இணைப்பை அனுப்புங்கள். புள்ளி தடுப்புக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தால், வழிகாட்டி எல்லோரையும் யு திருப்பம் எடுக்கச் சொல்லும். இதை ஓட்டுநர் கண்டுபிடிப்பதற்குள் ஓட்டல் பின்னால் போயிருக்கும்.

இந்த இணைப்புகள் கையில் வந்த பிறகு, ஒவ்வொரு வண்டியிலும் மேப்பை மதுரைக்குப் போடாதீர்கள். அடுத்த சேரும் இடத்திற்கு மட்டும் போடுங்கள். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொலைவான ஊரைக் கொடுத்தால், நெரிசலைப் பார்த்து ஒவ்வொரு போனும் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு மாற்றுவழியைப் பரிந்துரைக்கும். "ஆறு நிமிடம் குறைவு" என்று அது காட்டும் வழியை ஒருவர் ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். அடுத்த இடம் அருகில், நேர் சாலையிலேயே இருந்தால், அப்படிப் பிரிவதற்கு வாய்ப்பே குறைவு. உங்கள் பாதையில் வண்டிகள் தவறிப் பிரியக்கூடிய இடங்கள் சில உண்டு. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை இடப்பக்கம் போகிறது. உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை பிரிகிறது. பேச்சு மும்முரத்தில் ஒரு வண்டி தஞ்சாவூர்ச் சாலையில் இறங்கிவிடுவது நடக்கக் கூடியதுதான். அடுத்த இலக்கு மட்டும் மேப்பில் இருந்தால், வழி மாறிய ஒன்றிரண்டு நிமிடத்தில் அது திருப்பிவிடும். மதுரை என்று இருந்தால், அந்தப் புதிய சாலை வழியாகவே மதுரைக்கு ஒரு வழியைக் கணக்கிட்டுத் தந்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்குத் தவறியதே தெரியாது.

முன்வண்டியை ஓட்டுபவர் வேகமாக ஓட்டுபவராக இருக்கக் கூடாது. ஒரே சீராக ஓட்டுபவர் வேண்டும். தடம் மாறுவதற்கு வெகு முன்பே இண்டிகேட்டர் போடுபவர், லாரியை முந்தும்போது தனக்கு மட்டும் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் பின்னால் வரும் தன் வண்டிக்கும் இடம் இருக்கிறதா என்று நினைப்பவர் வேண்டும். அவருடைய வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது வேன். வாடகை வேன்களில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். முன்வண்டி 95-இல் போனால், வேன் ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் பின்தங்கத்தான் செய்வார். வேனை முன்வண்டிக்கு அடுத்ததாக, இரண்டாவது இடத்தில் விடுங்கள். அப்போது முன்வண்டிக்காரர் தன் கண்ணாடியில் எப்போதும் வேனைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேகம் தானாகவே 75-க்கும் 80-க்கும் இடையில் அமைந்துவிடும். மாப்பிள்ளை வண்டி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போகட்டும். தாலியும் முகூர்த்தப் புடவையும் நகைகளும் மாப்பிள்ளையின் பெற்றோர் உட்காரும் காரில், அவர்கள் கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்; வேனின் மேல்கூரையில் கட்டும் பெட்டிகளோடு அவை கலக்க வேண்டாம்.

முன்வண்டியைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். கடைசி வண்டியைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். எனக்குக் கேட்டால், ஆறு பேரில் மிகச் சிறந்த ஓட்டுநரைக் கடைசியில்தான் வைப்பேன். அந்த வண்டிக்கு ஒரே கட்டளை: தன் கூட்டத்து வண்டி எதையும் முந்தக் கூடாது, நின்றுபோன எந்த வண்டியையும் தாண்டிப் போகக் கூடாது. இந்தக் கட்டளை சரியாக நிறைவேறினால், கடைசி வண்டி ஓரிடத்தைத் தாண்டிவிட்டது என்றாலே ஆறு வண்டிகளும் அதைத் தாண்டிவிட்டன என்று பொருள். முன்வண்டியில் இருப்பவர் ஐந்து பேரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவரைக் கூப்பிட்டால் போதும். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பு, ஜாக்கி, ஜம்பர் கேபிள், முதலுதவிப் பெட்டி, குடிநீர் கேன் ஆகியவை இந்தக் கடைசி வண்டியில் இருக்க வேண்டும். முன்னால் போகும் வண்டியில் இவை இருந்தால், பின்னால் பழுதாகி நிற்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. வேனைத் தவிர, நடுவில் வரும் மற்ற மூன்று வண்டிகளும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளலாம். அதில் கண்டிப்பு வேண்டாம்.

இப்போது லைவ் லொகேஷன். ஒரு வண்டிக்கு ஒரு போன் போதும், அதுவும் ஓட்டுநருடைய போனாக இருக்கக் கூடாது. முன் இருக்கையில் உட்காரும் ஒருவரை அந்த வண்டியின் பொறுப்பாளராக வைத்து, அந்த ஆறு பேரை மட்டும் கொண்டு தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். குடும்பக் குழுவில் போட்டால், காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாண வாழ்த்துகளுக்கும் நடுவில் "பஞ்சர், நிற்கிறோம்" என்ற செய்தி புதைந்துபோகும். வரைபடத்தில் ஒவ்வொருவருடைய புள்ளியும் அவருடைய முகப்புப் படத்தோடுதான் தெரியும். ஆறு பேரில் மூன்று பேருடைய படம் முருகனாக இருந்தால் எது எந்த வண்டி என்று யாருக்கும் புரியாது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஆறு பேரும் 1 முதல் 6 வரை பெரிய எண்ணை முகப்புப் படமாக வைத்துக்கொள்ளட்டும். வண்டியின் பின்கண்ணாடியிலும் அதே எண்ணைத் தாளில் ஒட்டிவிட்டால் சாலையிலும் அடையாளம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனுக்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று தெரிவுகள்தாம் உண்டு. எல்லோரும் 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அத்துடன் அதை மறந்துவிடுவார்கள். காலை ஐந்தரைக்கு வீட்டில் தொடங்கினால் அது பிற்பகல் ஒன்றரைக்கு முடிந்துவிடும். யாராவது வழியில் அரை மணி, ஒரு மணி பிந்தியிருந்தால், திருச்சியின் குழப்பமான சாலைகளில் நுழையும் நேரமாக அது அமையும். அதனால் பரனூரில் சேரும்போது தொடங்கி, காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஆறு பேரும் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எட்டரை மணிக்குப் புதுப்பித்தால் மாலை நாலரை வரை கவலை இல்லை.

அதைவிட அதிகமாகத் தொல்லை தருவது போனின் பேட்டரிச் சிக்கனம். திரை அணைந்து சிறிது நேரம் ஆனதும் பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளை உறங்கவைத்துவிடும். புள்ளி அங்கேயே உறைந்துவிடும். முந்தின நாள் இரவே, வாட்ஸ்அப்பின் இருப்பிட அனுமதியில் "Allow all the time" என்பது தேர்வாகியிருக்கிறதா என்றும், அதன் பேட்டரிப் பயன்பாட்டில் "Unrestricted" என்பது இருக்கிறதா என்றும் ஆறு போன்களிலும் பார்த்துவிடுங்கள். இந்தச் சொற்கள் போனுக்குப் போன் சற்று மாறலாம். காரில் சார்ஜர் கேபிள் இருக்கட்டும். போனை முன்கண்ணாடியில் வெயில் படும்படி மாட்டாதீர்கள். பதினொரு மணி வெயிலில் சூடேறிய போன் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், சில நேரம் தானே அணைந்துவிடும். ஏசி காற்று வரும் துளையில் மாட்டும் பிடிப்பான் இதற்கு நல்லது.

வரைபடத்தில் தெரியும் புள்ளியை எப்படிப் படிப்பது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் வீண் பதற்றம்தான் மிஞ்சும். அந்தப் புள்ளி, வண்டி இப்போது இருக்கும் இடம் அன்று. அந்தப் போன் கடைசியாக அனுப்பிய இடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் பழைய புள்ளி என்றால், வண்டி அங்கிருந்து ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்று பொருள். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும்; புள்ளியைப் பார்க்கும் முன் அந்த நேரத்தைப் பாருங்கள். புள்ளி நகரவில்லை, நேரமும் பழையது என்றால், பெரும்பாலும் சிக்னல் இல்லை அல்லது போன் உறங்கிவிட்டது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புள்ளி நகரவில்லை, ஆனால் நேரம் இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்றால், வண்டி உண்மையிலேயே நின்றிருக்கிறது. உடனே கூப்பிட வேண்டியது அவரைத்தான். புள்ளி நெடுஞ்சாலையை விட்டு விலகி வேறொரு சாலையில் போய்க்கொண்டிருக்கிறது என்றால், வழி தவறிவிட்டார். ஆனால் சேவைச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே உள்ள சில மீட்டர் வேறுபாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவ்வளவு நுட்பம் அதில் கிடையாது.

இதை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பொறுப்பாளர் ஒரு வரி போட்டால் போதும்: "4, ஆத்தூர் தாண்டியாச்சு." எதிர்பார்த்த நேரத்தில் அந்த வரி வராவிட்டால் வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம். ஓட்டுநர் எக்காரணம் கொண்டும் போனைக் கையில் எடுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்திலேயே சேர்க்கிறது. தனியாக ஒருவர் ஓட்டி வரும் கார் உங்கள் ஆறில் ஒன்றாக இருந்தால், வேனிலிருந்து ஒரு பையனை இறக்கி அந்தக் காரில் ஏற்றுங்கள்.

கூட்டம் உடைவது சாலையைவிடச் சுங்கச்சாவடிகளில்தான் அதிகம். ஆறு வண்டிகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எந்த வரிசை குறைவோ அதில் அவரவர் போகட்டும். ஆனால் ஆறு வண்டிகளின் ஃபாஸ்டேக் கணக்கிலும் போக, வர இரண்டுக்கும் போதுமான பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். எட்டு சாவடிகள் என்பதை மறக்க வேண்டாம். பணம் தீர்ந்து சாவடியில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்தால் அது உடனே ஏறும் என்று சொல்ல முடியாது. ஃபாஸ்டேக் இல்லாமல் கட்டினால் கட்டணம் கூடும். பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தம் தனி. இரவல் வாங்கிய காரில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அதன் உரிமையாளருடையது, அதில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அவரிடம் கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

ஒரு வண்டி பழுதாகி நின்றால் செய்ய வேண்டியதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஆறு வண்டிகளிலிருந்தும் ஆறு யோசனைகள் வரும். நின்ற வண்டி சாலையின் இடது ஓரத்தில் முடிந்தவரை உள்ளே ஒதுங்கி நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட வேண்டும். பயணிகள் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். கடைசி வண்டி மட்டும் அதனோடு நிற்க வேண்டும். மற்ற நான்கும் அடுத்த சேரும் இடம் வரை போய்விட வேண்டும். உதவி செய்கிறோம் என்று ஆறு வண்டிகளும் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நின்று, மாமாக்கள் எல்லோரும் இறங்கிக் கூடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண், ஆம்புலன்சுக்கு 108. வழி தவறியவர்களுக்கும் திருப்பத்தைத் தாண்டிவிட்டவர்களுக்கும் ஒரே விதி: பின்னோக்கி ஓட்டக் கூடாது, எதிர்த்திசையில் வரக் கூடாது. அடுத்த திருப்பத்தில் திரும்பி வரட்டும், காத்திருப்பார்கள்.

நான்கு இண்டிகேட்டர்களைப் பற்றி இன்னொன்று. கல்யாணக் கூட்டம் என்று காட்டிக்கொள்ள ஆறு வண்டிகளும் அவற்றை எரியவிட்டபடியே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால், வண்டி இடம் மாறப்போகிறதா திரும்பப்போகிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது; உங்கள் கூட்டத்திலேயே ஒரு வண்டி உண்மையில் நின்றுவிட்டால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்தறியவும் முடியாது.

வழி முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் ஆறு வண்டிகளும் நெருங்கிப் போவது பயன்தரும், அது திருச்சி. சமயபுரம் சாவடிக்குப் பிறகு ஒரு பங்கில் ஆறும் சேரட்டும். அங்கிருந்து கொள்ளிடம், காவிரிப் பாலங்களைக் கடந்து பால்பண்ணை வந்தால் தஞ்சாவூர்ச் சாலை பிரியும். மேலே போனால் புதுக்கோட்டைக்குப் பிரியும். பஞ்சப்பூர் வழியாகப் போவது மதுரைச் சாலை. வழிகாட்டிப் பலகைகள் அடுத்தடுத்து வருவதால் புதிதாக ஓட்டுபவர் தடுமாறுவார். இந்தப் பகுதியில் முன்வண்டி 50-க்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கு முன்னாலும் பொறுப்பாளர் குழு அழைப்பில் "பாலத்துக்குப் பிறகு நேராக" என்று சொல்லிக்கொண்டே வரலாம். குழு அழைப்பு இந்த அரை மணி நேரத்திற்கு மட்டும் போதும். நாள் முழுவதும் வைத்தால் வண்டிக்கு வண்டி அரட்டையாக மாறி, ஓட்டுநர்களும் அதில் கலந்துகொள்வார்கள். பஞ்சப்பூரைத் தாண்டியதும் சாப்பாட்டு இடத்தில் சேர்ந்துகொண்டு, அதன் பிறகு விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகப் பழையபடி அவரவர் வேகத்தில் போகலாம். சாப்பாட்டுக்குப் பின் வரும் இந்த நூற்றிச் சொச்சம் கிலோமீட்டரில்தான் ஓட்டுநர்களுக்குத் தூக்கம் வரும். மாற்று ஓட்டுநர் இருக்கும் வண்டிகளில் இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசிச் சேர்க்கை சிட்டம்பட்டியைத் தாண்டி. இங்கே காத்திருப்பதற்குச் சாலையைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்கும்போது, மாப்பிள்ளை வண்டி வந்து அவர் அக்கா இருக்கும் வண்டி இன்னும் மேலூரில் இருந்தால், எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். மண்டபத்தின் பெயரை மட்டும் தேடிப் போகாதீர்கள். மதுரையில் ஒரே பெயரில் பல மண்டபங்கள் இருக்கலாம். பெண் வீட்டாரில் ஒருவர் மண்டப வாகன நுழைவாயிலில் நின்று தன் இருப்பிடத்தை அனுப்பட்டும், அந்தப் புள்ளியை ஆறு வண்டிகளும் வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கடைசி இருபது கிலோமீட்டருக்கு மாப்பிள்ளை வண்டியை முன்வண்டிக்கு அடுத்ததாகக் கொண்டுவந்துவிட்டால், வாசலில் இடம் மாற்றும் குழப்பம் இருக்காது.

திரும்பி வரும்போது இந்த ஏற்பாடு வேண்டாம் என்பதே என் கருத்து. மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்து, சிலர் பழனிக்குப் போவார்கள், சிலர் இரவு தங்குவார்கள், முந்தின இரவு தூங்காத ஓட்டுநர்கள் ஓய்வெடுக்க வேண்டும். நேரக் கட்டாயம் எதுவும் இல்லாதபோது ஆறு வண்டிகளை ஒரே நேரத்தில் கிளப்பினால், களைத்துப்போனவரும் மற்றவர்களுக்காகக் கிளம்ப நேரிடும். அவரவர் கிளம்பும் நேரத்தையும் வீடு சேர்ந்த செய்தியையும் அதே குழுவில் போட்டால் போதும்.